மறுப்புக்குப் பின்னால் காதலைத் தேடாதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் இராமநாதபுரம் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். தகப்பன்மார் வீட்டில் இருப்பார்கள், படிப்பை முடித்த பிள்ளைகளும் ஊர் திரும்பியிருப்பார்கள், தள்ளிவைத்த கல்யாணப் பேச்சும் அப்போதுதான் தொடங்கும். குடும்பநல ஆலோசகரான என்னிடம் இந்த ஆண்டு ஒரே மாதிரியான நான்காவது குடும்பம் வந்தபின், இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பாம்பன் பக்கத்துப் பெண், வயது 22. நான்காண்டு செவிலியர் பட்டப்படிப்பை முடித்து, மதுரையில் வேலையும் கிடைத்தவள். அத்தை மகனுக்குப் பேசியபோது "இப்போது வேண்டாம்" என்றாள். அன்றிரவே அவளுடைய கைப்பேசி பறிக்கப்பட்டது. "யாரும்மா அவன்?" என்ற ஒரே கேள்வியை அம்மா மூன்று வாரம் கேட்டிருக்கிறார்.

பிள்ளை மறுத்தால் காதல்தான் காரணம் என்ற இந்த நினைப்பை விட்டுவிடுங்கள் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்கிறேன். மறுப்பு பெரும்பாலும் காலத்தைப் பற்றியதாகவோ, வேலையைப் பற்றியதாகவோ, அந்த வீட்டுச் சூழலைப் பற்றியதாகவோ இருக்கும். ஆளைத் தேடும் விசாரணை தொடங்கிவிட்டால், பிள்ளை உண்மையான காரணத்தைச் சொல்வதை நிறுத்திவிடும். காதலே இருந்தாலும், கைப்பேசியைப் பறிப்பதால் அது பேசித் தீர்க்கும் விஷயமாக மாறாது.

அப்பாவையும் மகளையும் தனித்தனியாக உட்காரவைத்து, "எது நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். கடைசி ஆண்டுக் கட்டணத்துக்கு மனைவியின் நகையை 1,80,000 ரூபாய்க்கு அடகு வைத்ததையும், அதை மீட்காமல் வெளியில் சம்பந்தம் பேச முடியாது என்பதையும், வரதட்சணை கேட்காத அக்கா வீடே தனக்கு மிச்சமிருந்த வழி என்பதையும் அப்பா சொன்னார். மகளுக்கு அந்த அடகு தெரியாது. கல்யாணம் ஆனால் வேலைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று அத்தை சொன்னது அப்பாவுக்குத் தெரியாது.

பிறகு ஒரே நாளில், ஒரே விஷயத்தை மட்டும், தாய்மாமன் முன்னிலையில் பேசினார்கள். சம்பளம் 18,000, விடுதிக்கு 6,000, மாதம் 10,000 வீதம் 18 மாதத்தில் அவள் அசலை அடைப்பாள், வட்டி அப்பாவுடையது. அதுவரை வரன் பேச்சு இல்லை. அதன்பின் அவர் காட்டும் வரன்களை அவள் பார்ப்பாள், மறுக்கவும் உரிமை உண்டு. அக்காவிடம் அப்பாவே நேரில் போய்ச் சொல்வார். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். தேதி போடாத "பிறகு பார்க்கலாம்" அடுத்த தடைக்காலத்தில் மறுபடி சண்டையாகத்தான் வரும்.

பிள்ளைகளே, "என் வாழ்க்கை" என்று தொடங்காதீர்கள். எத்தனை மாதம் வேண்டும், ஏன் வேண்டும் என்று தொடங்குங்கள். வீட்டுக் கடன் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.

அடியும் அடைத்துவைப்பதும் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு உதவாது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள். 18 வயது நிரம்பாத பெண்ணின் திருமணத்தில் பேசித் தீர்க்க எதுவுமே இல்லை, அது குற்றம். 1098-க்குத் தகவல் சொல்லுங்கள்.

அந்தப் பெண் இப்போது மதுரையில் இருக்கிறாள். இரண்டு தவணை கட்டியாகிவிட்டது. அத்தை மட்டும் இன்னும் அப்பாவுடன் பேசுவதில்லை.