காபி மூட்டை ஒரு பக்கம், காபிச் செடி மறுபக்கம்: நடப்புச் சொத்துக்குக் கோடு எங்கே விழுகிறது?

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக நடத்துகிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிலம், செடி, உலர்களம், பல்ப்பர் மெஷின் எல்லாம் சேர்ந்து பல கோடிக்குப் போகும். ஆனால் ஜனவரியில் பழம் பறிக்க வரும் ஆட்களுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க நிலத்தை வெட்டிக் கொடுக்க முடியாது. மொத்தச் சொத்து எவ்வளவு என்று கூட்டிச் சொல்லும் ஒரு எண், இந்த வருஷம் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க இவர்களிடம் வழி இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்காகத்தான் பேலன்ஸ் ஷீட்டில் நடப்புச் சொத்து, நடப்பு அல்லாத சொத்து என்று இரண்டாகப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். இது ஆடிட்டர் தன் விருப்பத்துக்குச் செய்வது கிடையாது, கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணை போட்டிருக்கும் விதி.

முன்பு இப்படி இல்லை. 1956 சட்டத்தின் பழைய ஆறாம் அட்டவணையில் நிலையான சொத்து, முதலீடு, அப்புறம் 'நடப்புச் சொத்துகள், கடன்கள், முன்பணங்கள்' என்று ஒரே தலைப்பு. அடுத்த வாரம் வர வேண்டிய சரக்கு அட்வான்ஸும் ஐந்து வருஷம் கழித்து வரப்போகும் டெபாசிட்டும் அதே குவியலில் கிடக்கும். அந்த அட்டவணையைத் திருத்தி, 2011 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய நிதியாண்டில் இருந்துதான் இந்தப் பிரிவினை கட்டாயம் ஆனது. இப்போது 2013 சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. சேலத்தில் கொலுசுப் பட்டறை, சேகோ ஃபேக்டரி என்று தனி ஆளாகவோ கூட்டாகவோ தொழில் செய்கிறவர்களை இந்த அட்டவணை நேராகக் கட்டாது, ஆனால் கடன் கேட்டுப் போனால் பேங்க் அதே பிரிவினையைத்தான் கேட்கும்.

பேங்க் ஏன் இதில் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1975-இல் ரிசர்வ் பேங்க் அமைத்த டாண்டன் குழு, அன்றாடத் தொழிலை ஓட்ட வாங்கும் நடைமுறை மூலதனக் கடனுக்குச் சில முறைகளைச் சொன்னது. அதில் இரண்டாவது முறைப்படி, நடப்புச் சொத்தில் கால் பங்குக்காவது நீண்ட காலப் பணம், அதாவது சொந்த முதலோ டேர்ம் லோனோ, இருக்க வேண்டும். மீதி முக்கால் பங்குக்குத்தான் பேங்க் கடனும் சரக்கு தந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியும் இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நடப்புச் சொத்து, சீக்கிரத்தில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய நடப்புப் பொறுப்பைப் போல 1.33 மடங்காவது இருக்க வேண்டும் என்று வரும். இன்றும் பல பேங்குகளில் அந்த 1.33 தான் அளவுகோல். அதனால்தான் எதையாவது கோட்டுக்கு இந்தப் பக்கம், நடப்புச் சொத்துக்குள், தள்ளிவிட முடியுமா என்று முதலாளிகள் பார்க்கிறார்கள்.

சரி, கோடு எங்கே? நாலு கேள்வி இருக்கிறது, ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றாலே அது நடப்புச் சொத்து. கம்பெனியின் வழக்கமான தொழில் சுற்றுக்குள் அது பணமாகுமா, அல்லது அதற்குள் விற்கவோ பயன்படுத்தித் தீர்க்கவோ வைத்திருக்கிறீர்களா? வாங்கி விற்பதற்காகவே வைத்திருக்கிறீர்களா? பேலன்ஸ் ஷீட் தேதியில் இருந்து 12 மாதத்துக்குள் பணமாகும் என்று எதிர்பார்க்கிறீர்களா? ரொக்கமோ ரொக்கத்துக்குச் சமமானதோ என்றால், அடுத்த 12 மாதத்துக்குத் தொட முடியாதபடி அதற்குத் தடை எதுவும் இல்லாமல் இருக்கிறதா? நாலுக்கும் இல்லை என்றால் அது தானாகவே நடப்பு அல்லாத சொத்து. அந்தப் பக்கத்துக்கென்று தனி வரையறை எதுவும் கிடையாது.

பலரும் '12 மாதம்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் பட்டியலில் முதலில் நிற்பது தொழில் சுற்று. தொழிலுக்குப் பொருள் வாங்குவதில் தொடங்கி, அது சரக்காகி, விற்று, காசு கைக்கு வரும்வரை ஆகும் காலம்தான் அது. காபியை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து செடி பூக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன் ஜூனில் உரம் வாங்குகிறீர்கள். அராபிகாப் பழம் நவம்பரில் இருந்து பிப்ரவரி வரை பறிக்கிறார்கள். பல்ப்பரில் தோல் நீக்கி, கழுவி, களத்தில் காயவைத்து உள்ளோட்டோடு இருக்கும் பார்ச்மென்ட் ஆக்கி, அந்த ஓட்டை நீக்கும் கியூரிங்குக்கு அனுப்பி, விலை பார்த்து மே மாதம் விற்கிறீர்கள். வாங்கியவர் இரண்டு மாதம் கழித்து ஜூலையில் பணம் தருகிறார். ஆக ஜூனில் போட்ட காசு அடுத்த வருஷம் ஜூலையில் திரும்புகிறது, 13 மாதம். வழக்கமாகவே இப்படித்தான் என்று கம்பெனியால் காட்ட முடிந்தால், அதன் சரக்குக்கும் வியாபாரப் பாக்கிக்கும் கோடு 13 மாதத்தில் விழும், 12-இல் அல்ல. சுற்று எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவே முடியாத தொழில் என்றால்தான் சட்டம் 12 மாதம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒரே கம்பெனி எஸ்டேட்டும் நடத்தி ஏரிக்கரையில் காபித்தூள் கடையும் வைத்திருந்தால் இரண்டுக்கும் சுற்று வேறு, அதை அப்படியே தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

செடிக்கு வருவோம். பறித்த பழமும் காய்ந்த பார்ச்மென்டும் சரக்கு, நடப்புச் சொத்து. அதைக் கொடுத்த செடி அப்படி இல்லை. கணக்கியல் தரநிலை 10, 2016-இல் திருத்தப்பட்டபோது, வருஷாவருஷம் விளைச்சல் தரும் இப்படிப்பட்ட செடிகளை மெஷின், கட்டடத்தோடு சேர்த்து நிலையான சொத்தாக வைத்தது. இன்னும் சுவாரசியம் நாற்றங்காலில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் ஒரே விதை, ஒரே வயசு நாற்று. ஒரு பாத்தி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விற்க, அது நடப்பு. அடுத்த பாத்தி நம் மலைச்சரிவிலேயே நட, அது நடப்பு அல்லாதது. நட்ட பிறகு மூன்று நாலு வருஷம் காய்க்காமல் நிற்கும் காலத்தில் போட்ட செலவும் அங்கேதான் சேரும். பொருளைப் பார்த்துக் கோடு போட முடியாது, அதை வைத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு, நான் உதாரணத்துக்குப் போட்டது. மார்ச் 31, 2026 அன்று அந்தக் கம்பெனி தன் நடப்புச் சொத்து ₹120 லட்சம் என்று எழுதிக் கொடுக்கிறது. காபிச் சரக்கு 48, உரம் மருந்து 4, வசூலாக வேண்டிய பாக்கி 30, பேங்கில் ரொக்கம் 5, எஃப்.டி. 20, மின்வாரிய டெபாசிட் 3, குடும்பத்தின் இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்த கைமாற்று 10. நடப்புப் பொறுப்பு 80. விகிதம் 1.5, பார்க்க அழகாக இருக்கிறது.

ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். சரக்கும் உரமும் ரொக்கமும் சரி. பாக்கி 30-இல் 6 லட்சம் ஒரு வியாபாரியோடு மூன்று வருஷத்துக்கு மேலாகக் கோர்ட்டில் கிடக்கிறது, அடுத்த சுற்றுக்குள் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அது அந்தப் பக்கம் போக வேண்டும். (வராத கடனாகவே ஒதுக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி.) எஃப்.டி. முதிர்வது ஆகஸ்ட் 2027, இன்னும் 17 மாதம், அதுவும் போகிறது. மின்வாரிய டெபாசிட்டை இணைப்பைத் துண்டித்தால் கேட்டு வாங்கிவிடலாம்தான், ஆனால் மெஷின் ஓடும்வரை கரண்ட் வேண்டுமே, 12 மாதத்துக்குள் யாரும் வாங்கப் போவதில்லை, அதனால் 3 லட்சம் போகிறது. கைமாற்றுக்குப் பத்திரத்தில் 'கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும்' என்று இருந்தாலும் பல வருஷமாகக் கேட்கவே இல்லை, கேட்கிற எண்ணமும் இல்லை, 10-ம் போகிறது. பதிலுக்கு ஒன்று இந்தப் பக்கம் வருகிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு விற்க விலை பேசிக்கொண்டிருக்கும் பழைய ஜீப், 3 லட்சம் வரும். மொத்தம் 84. விகிதம் 1.05.

மொத்தச் சொத்து மாறவில்லை, லாபம் ஒரு ரூபாய் மாறவில்லை, வருமான வரியும் மாறவில்லை. மாறியது கோடு மட்டும். ஆனால் 1.33 கேட்கும் பேங்குக்கு இது வேறு கம்பெனி.

அந்தக் கைமாற்றில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, படித்தவர்களே தடுமாறுகிற இடம். கொடுத்தவர் புத்தகத்தில் 12 மாதத்துக்குள் வராது என்ற எதிர்பார்ப்பால் அது நடப்பு அல்லாத சொத்து. வாங்கியவர் புத்தகத்திலோ அதே 10 லட்சம் நடப்புப் பொறுப்பு. ஏனென்றால் பொறுப்புக்குக் கேள்வி வேறு: குறைந்தது 12 மாதத்துக்குத் தள்ளிப்போட உங்களுக்கு நிபந்தனையற்ற உரிமை இருக்கிறதா? கேட்டவுடன் தர வேண்டிய கடனில் அந்த உரிமை இல்லை, கேட்க மாட்டார் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருக்கிறது. வருவது எதிர்பார்ப்பின்படி, தருவது உரிமையின்படி. இரண்டு கம்பெனிக்கும் ஒரே ஆடிட்டர் என்றாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும் என்று நினைத்து 'சரிசெய்ய'க் கூடாது.

நடப்புச் சொத்துப் பக்கம் தள்ளி வைத்தால் கண்டுபிடிக்க முடியாது என்று நினைக்க வேண்டாம். 2021 மார்ச்சில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாக்கியை ஆறு மாதத்துக்குள், ஒரு வருஷத்துக்குள், இரண்டுக்குள், மூன்றுக்குள், மூன்றுக்கு மேல் என்று வயசு பிரித்துக் காட்ட வேண்டும், தகராறில் உள்ளது தனியாக. அந்த 6 லட்சம் கடைசிக் கட்டத்தில் நின்றுகொண்டே மேலே நடப்புச் சொத்திலும் இருந்தால் படிக்கிறவர் கண்ணில் படாமல் போகாது. புரமோட்டர், டைரக்டர், முக்கிய நிர்வாகிகள், கம்பெனியோடு சம்பந்தப்பட்ட தரப்பினருக்குக் கொடுத்த 'கேட்டவுடன்' கடன்களையும் தனியாக வெளியிட வேண்டும். நடப்பு விகிதத்தையே கம்பெனி கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும், போன வருஷத்தை விட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் ஏன் என்று எழுத வேண்டும்.

எஃப்.டி.க்கு மட்டும் அடுத்த வருஷம் நல்ல சேதி. மார்ச் 31, 2027 அன்று முதிர்வுக்கு ஐந்து மாதம்தான் மீதி, அப்போது அது நடப்புக்கு வந்துவிடும். போடும்போது எத்தனை வருஷத்துக்குப் போட்டோம் என்பது கணக்கில்லை, பேலன்ஸ் ஷீட் தேதியில் இருந்து இன்னும் எத்தனை மாதம் என்பதுதான் கணக்கு. ஆனால் அதை ஒரு பேங்க் கேரண்டிக்குப் பிணையாகக் கட்டி வைத்து, அந்தக் கேரண்டி 2029 வரை ஓடுகிறது என்றால், ஆகஸ்டில் முதிர்ந்தாலும் புதுப்பித்துத்தான் ஆக வேண்டும், கைக்கு வராது, அந்தப் பக்கமே இருக்கட்டும். ஆகவே எஃப்.டி. ரசீதைப் பார்க்கும்போது கூடவே, அதைப் பிணையாகப் பிடித்து வைத்திருப்பதைச் சொல்லும் பேங்கின் லியன் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், தேதி இரண்டில் எது பிந்தியதோ அதுவரை எத்தனை மாதம் என்று எண்ணுங்கள்.