யோம் கிப்பூரில் யோனா: மீனை விடுங்கள், மூன்றாம் அதிகாரத்தைப் படியுங்கள்

ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபர் வந்தால் அதே செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்குகிறது. "யூதர்கள் யோம் கிப்பூர் என்னும் பாவநிவிர்த்தி நாளில் யோனா புத்தகத்தை வாசிக்கிறார்கள். ஏனென்றால் யோனா மீன் வயிற்றில் மனந்திரும்பினார்." அதைப் பிரசங்க மேடையில் அப்படியே எடுத்துச் சொல்கிறார்கள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். பழைய ஏற்பாடு கற்பிக்கிறவர்கள் எத்தனை முறை திருத்தினாலும் அடுத்த ஆண்டு மறுபடியும் வந்து நிற்கிறது. இந்த முறை கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மீன். யோனா புத்தகத்தில் மொத்தம் 48 வசனங்கள். தமிழ் வேதாகமத்தில் மீன் வருவது 1:17, 2:1, 2:10 ஆகிய மூன்று வசனங்களில் மட்டும். மீதி 45 வசனங்களில் மீனே இல்லை.

அடுத்தது யோனாவின் மனந்திரும்புதல். தயவுசெய்து இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். "நான் பாவம் செய்தேன்" என்று யோனா எங்கே சொல்கிறார்? ஓடிப்போனதற்காக எங்கே வருந்துகிறார்? ஓரிடத்திலும் இல்லை. ஆழத்தில் தள்ளப்பட்டேன், கூப்பிட்டேன், கேட்டருளினீர், பொருத்தனை செலுத்துவேன், இரட்சிப்பு கர்த்தருடையது. அவ்வளவுதான். அது தப்பிப் பிழைத்தவன் பாடும் நன்றிப் பாட்டு. சங்கீதப் புத்தகத்தில் இதே அமைப்பில் பல பாட்டுகள் உண்டு. மனம் மாறியவராக இருந்தால் நான்காம் அதிகாரத்தில் நினிவே தப்பியதற்காக ஏன் சாகும் அளவுக்குக் கோபப்படுகிறார்? கடவுள் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முன்பே தர்ஷீசுக்கு ஓடினேன் என்று 4:2இல் அவரே சொல்கிறார். ஓடியது சரிதான் என்று கடைசிவரை வாதாடுகிறவரை எப்படி மனந்திரும்புதலின் மாதிரியாக நிறுத்துகிறீர்கள்?

இந்தப் புத்தகத்தில் மனந்திரும்புகிறவர்கள் நினிவே மக்கள். யூதர்கள் அந்த நாளில் இதை வாசிப்பதற்கான சாவி மூன்றாம் அதிகாரத்தில்தான் இருக்கிறது.

எந்த நாளில் எந்தப் பகுதி என்பது ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான பாபிலோனிய தல்மூதின் மெகில்லா பகுதியில் (31அ) இருக்கிறது. யோம் கிப்பூர் காலையில் லேவியராகமம் 16, அதோடு ஏசாயா 57:15 முதல். பிற்பகல் தொழுகையில் லேவியராகமம் 18, அதன்பின் யோனா முழுவதும். தல்மூத் அங்கே காரணம் சொல்வதில்லை. அந்தக் காரணத்தை, தல்மூதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவின் தானித் பகுதியில் (2:1) தேடலாம். மழை பொய்த்து உபவாசம் கூறும் நாட்களில் எல்லாரும் தெருவில் கூடுவார்கள், தலையில் சாம்பல் போடுவார்கள். அப்போது மூத்தவர் ஒருவர் எழுந்து சொல்லவேண்டியதை அந்த மிஷ்னா தருகிறது: "சகோதரரே, நினிவே மக்களைப்பற்றி 'கடவுள் அவர்கள் இரட்டு உடையையும் உபவாசத்தையும் கண்டார்' என்று சொல்லவில்லை. 'பொல்லாத வழியைவிட்டுத் திரும்பினார்கள் என்று அவர்கள் செய்கைகளைக் கண்டார்' என்றே சொல்லியிருக்கிறது."

அவர் காட்டுவது யோனா 3:10. உபவாசம் இருந்துகொண்டிருக்கும் கூட்டத்திடமே "உங்கள் உபவாசத்தைக் கடவுள் கணக்கில் எடுக்கவில்லை" என்று எச்சரிக்கும் வசனம் அது. சுமார் 25 மணி நேரம் தண்ணீரும் குடிக்காமல் இருக்கும் யோம் கிப்பூர் நாளின் பிற்பகலில் இதைவிடப் பொருத்தமான வாசிப்பு வேறென்ன இருக்க முடியும்?

அது எந்தச் செய்கை? 3:8இல் ராஜா கட்டளையிடுகிறான்: ஒவ்வொருவரும் தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பவேண்டும். ரபிகள் "கைகளிலுள்ள" என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார்கள்: பறித்து வைத்திருக்கும் பொருள். பாபிலோனிய தல்மூதின் தானித் 16அ-வில் சாமுவேல் என்ற அறிஞர் ஒரு வழக்கையே சொல்கிறார். ஒருவன் ஓர் உத்திரத்தைத் திருடி மாளிகைக்குள் வைத்துக் கட்டிவிட்டான். இப்போது திருந்துகிறான். நினிவேக்காரன் மாளிகை முழுவதையும் இடித்து அந்த உத்திரத்தை உரியவனிடம் கொடுத்தான் என்கிறார். நடைமுறைச் சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. மிஷ்னா கித்தின் 5:5இன்படி உத்திரத்தின் விலையைக் கொடுத்தால் போதும். வீட்டை இடிக்கச் சொன்னால் ஒரு திருடனும் திருந்த வரமாட்டான் என்பதே அந்த ஏற்பாட்டின் காரணம்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு தல்மூதான எருசலேம் தல்மூத் நினிவேயை அப்படியே நம்பவில்லை. கையில் இருந்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், பெட்டியிலும் அலமாரியிலும் இருந்ததைக் கொடுக்கவில்லை என்று ரபி யோகனான் சொன்னதாக அங்கே இருக்கிறது. திருப்பிக் கொடுத்தது பாதிதான் என்றால் மனந்திரும்புதலும் பாதிதான் என்ற கணக்கு அது.

இதோடு மிஷ்னா யோமா 8:9ஐச் சேர்த்து வாசித்தால் முழுப் படமும் கிடைக்கும். மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான குற்றங்களுக்கு யோம் கிப்பூர் நிவிர்த்தி தரும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானவற்றுக்கு, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை தராது. இதற்கான படிகளை இடைக்கால யூத சட்ட அறிஞர் மைமோனிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். கடனைக் கொடுத்துத் தீர்த்தபிறகும் நேரில் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும். மறுத்தால் அவருடைய நண்பர்கள் மூவரை அழைத்துப் போகவேண்டும். அப்படி மூன்று முறை. அவர் இறந்துவிட்டிருந்தால் பத்துப் பேரோடு கல்லறைக்குப் போய் அறிக்கையிட வேண்டும், பணத்தை வாரிசுகளிடம் கொடுக்கவேண்டும். வாரிசு யாரென்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் செலுத்தவேண்டும். "மனதுக்குள் வருந்தினேன்" என்பதற்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

வாசிக்கும் நேரத்தையும் கவனியுங்கள். யோனாவுக்குப் பிறகு அன்றைய கடைசித் தொழுகையான நெயிலா வருகிறது. அதில் மக்கள் கேட்பது, "எங்கள் கைகளின் ஒடுக்குதலை நாங்கள் விட்டுவிடும்படிக்கு." நினிவே ராஜா கட்டளையிட்டதை அன்று மாலை சபையே வேண்டிக்கொள்கிறது.

"எங்கும் ஓடி ஒளிய முடியாது என்று காட்டவே யோனா வாசிக்கப்படுகிறது" என்றும் சொல்வார்கள். பழைய உரையாசிரியர்களிடமும் இது உண்டு, தவறில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் மூன்றாம் அதிகாரம் வீணாகிவிடும்.

பேசப்போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எபிரேய வேதாகமத்தில் மீன் விழுங்கும் வசனம் 2:1, நம்முடையதில் 1:17. யூத உரைகளைப் பார்த்துக் குறிப்பெடுக்கும்போது இரண்டாம் அதிகாரம் முழுவதும் எண் ஒன்று தள்ளிவரும், சரிபாருங்கள். கேரளத்துச் சிரியன் சபைகளின் மூன்று நோன்பு நினிவேயின் பெயரால் வருவதுதான், ஆனால் அது பெரிய நோன்புக்கு முன்னால் வருவது. யோம் கிப்பூரோடு குழப்பாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். "யோனாதான் குறுகிய மனமுள்ள யூத இனம், புறஜாதியார் மீட்கப்படுவதை யூதர்கள் வெறுத்தார்கள்" என்று பிரசங்கிக்காதீர்கள். புறஜாதி நகரம் ஒன்று திருந்தியதையும் தங்கள் தீர்க்கதரிசி முறுமுறுத்ததையும் எழுதி வைத்தவர்கள் யூதர்கள். வலதுகை இடதுகை அறியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் அதிகமானோருக்காகவும் மிருகஜீவன்களுக்காகவும் கடவுள் பரிதவிக்கும் வசனத்தைத் தங்கள் மிகப் புனிதமான நாளில், சபை நடுவில், உரக்க வாசிக்கிறவர்களும் அவர்களே. அதோடும் அவர்கள் நிறுத்துவதில்லை. பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார் என்று சொல்லும் மீகா 7:18-20ஐயும் சேர்த்தே வாசித்து முடிக்கிறார்கள். நீங்கள் சபையில் யோனாவை வாசிக்கும்போதும் நான்காம் அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள், அந்த மூன்று வசனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.