இரும்புக்குக் கரி போதும், அலுமினியத்துக்கு ஏன் போதாது?

வினைத்திறன் வரிசையில் கார்பனுக்குக் கீழே இருக்கும் உலோகத்தைக் கார்பனால் பிரிக்கலாம், மேலே இருப்பதற்கு மின்னாற்பகுப்பு வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்போம். தேர்வு எழுத அது போதும். ஆனால் அந்த வரிசை வெப்பநிலையைப் பற்றி வாயே திறப்பதில்லை, விஷயமே வெப்பநிலையில்தான் இருக்கிறது. துருவையும் கரித்தூளையும் நன்றாகக் கலந்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், எத்தனை வருடம் ஆனாலும் அதிலிருந்து ஒரு துளி இரும்பு வராது. அறை வெப்பநிலையில் ஆக்சிஜனைக் கார்பனைவிட இரும்புதான் இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

சூடேற்றினால் நிலைமை மாறுகிறது. ஒரு உலோகம் ஆக்சைடாகும்போது காற்றில் சுதந்திரமாகத் திரிந்த ஆக்சிஜன் வாயு திடப்பொருளுக்குள் அடைபடுகிறது. வெப்பம் கூடக்கூட இந்த அடைப்பு கட்டுப்படியாகாமல் போகிறது, அதாவது எல்லா உலோக ஆக்சைடுகளின் பிடியும் சூட்டில் தளர்கிறது. கார்பன் கதை இதற்கு நேர் எதிர். திடமான கரி ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு ஆகும்போது ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் போய் இரண்டு மூலக்கூறு வாயு வருகிறது. வாயு பெருகும் வினைகளுக்கு வெப்பம் துணை நிற்கும் என்பதால், சூடு ஏற ஏற ஆக்சிஜன் மேல் கார்பனின் பிடி இறுகிக்கொண்டே போகிறது. ஒன்று இறங்குகிறது, ஒன்று ஏறுகிறது என்றால் எங்கோ ஓரிடத்தில் இரண்டும் சந்தித்தாக வேண்டும். இரும்புக்கு அந்த இடம் ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ்.

700 டிகிரி என்பது உலைக்காரர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. ஊதுலையில் மேலிருந்து இரும்புத்தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் இறங்குகின்றன, கீழிருந்து சூடான காற்று ஊதப்படுகிறது. காற்று நுழையும் இடத்தில் கல்கரி 2000 டிகிரிக்கு மேல் எரிந்து, கடைசியில் கார்பன் மோனாக்சைடாகிறது. கரித்துண்டும் தாதுத்துண்டும் தொட்டுக்கொள்ளும் புள்ளிகள் மிகக் குறைவு, அதனால் உலையின் மேல்பகுதியில் பெரும்பாலான வேலையைச் செய்வது இந்த வாயுதான். தாதுவின் நுண்துளைகளுக்குள் புகுந்து ஆக்சிஜனைக் கழற்றிக்கொண்டு வெளியே வருகிறது.

Fe2O3 + 3CO → 2Fe + 3CO2

இதில் இன்னொரு அனுகூலமும் உண்டு. பிறந்த இரும்பு கொஞ்சம் கார்பனைக் கரைத்துக்கொள்கிறது. தூய இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும், சுமார் 4 சதவீதம் கார்பன் சேர்ந்தால் 1150 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடுகிறது. அந்தக் கார்பனைப் பிறகு எஃகு உலையில் ஆக்சிஜன் ஊதி எரித்துக் குறைத்துக்கொள்ளலாம்.

சரி, அலுமினியத்துக்கு வருவோம். ஒரே அளவு ஆக்சிஜனை விடுவிக்க இரும்பு ஆக்சைடுக்கு ஆகும் ஆற்றலைப்போல அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். பிடி அவ்வளவு இறுக்கம் என்பதால் சந்திக்கும் இடமும் 2000 டிகிரிக்குத் தள்ளிப்போகிறது. மின்வில் உலையில் அந்த வெப்பம் சாத்தியம்தானே என்று கேட்கலாம். சாத்தியம்தான், செய்தும் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், அந்தச் சூட்டில் அலுமினியத்தில் ஒரு பகுதி ஆவியாகக் கிளம்பி, கார்பன் மோனாக்சைடோடு கலந்து மேலே போகிறது, குளிரும் வழியில் வினை அப்படியே திரும்பி மறுபடி அலுமினாவும் கரியும் ஆகிறது. மிஞ்சுவதில் ஒரு பங்கு கார்பனோடு சேர்ந்து அலுமினியம் கார்பைடு ஆகிவிடுகிறது. இரும்பில் உதவியாக இருந்த அதே கார்பன் இங்கே உலோகத்தைக் கெடுக்கிறது.

அதனால் வெப்பத்தை நம்பாமல் மின்சாரத்தால் இழுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அலுமினிய உப்பைத் தண்ணீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் வருவது ஹைட்ரஜன்தான், ஏனென்றால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வதில் தண்ணீர் முந்திக்கொள்கிறது. அலுமினாவையே உருக்கலாமென்றால் 2072 டிகிரி வேண்டும். 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். உருகிய கிரையோலைட் என்ற ஃப்ளூரைடு உப்பில் அலுமினாவைக் கரைத்துவிட்டால் 960 டிகிரியிலேயே வேலை நடக்கிறது. கார்பன் பூசிய தொட்டிதான் எதிர்மின்வாய், மேலிருந்து இறங்கும் கார்பன் கட்டிகள் நேர்மின்வாய். உருகிய அலுமினியம் இந்த உப்புக் குளியலைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் அடியில் போய்ப் படிகிறது, காற்றுபடாமல் மேலிருக்கும் குளியலே அதை மூடிக் காக்கிறது.

3,00,000 ஆம்பியர் ஓடும் ஒரு தொட்டியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அலுமினியம் அயனிக்கு 3 எலக்ட்ரான், 27 கிராமுக்கு 3 மோல். இதன்படி ஒரு கிலோவுக்கு சுமார் 2980 ஆம்பியர்-மணி ஆகிறது. 24 மணி நேரத்தில் ஓடுவது 72 லட்சம் ஆம்பியர்-மணி, வகுத்தால் சுமார் 2400 கிலோ. படிந்த உலோகத்தில் கொஞ்சம் மறுபடி கரைந்து ஆக்சைடாவதால் ஐந்தாறு சதவீதம் போய்விடும், கைக்கு வருவது 2270 கிலோ அளவில் இருக்கும். தொட்டியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட் என்று வைத்தால் கிலோவுக்கு 13 யூனிட் மின்சாரத்துக்கு மேல் செலவாகிறது.

அந்த 4.2 வோல்ட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது. அலுமினாவை அலுமினியமாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க மட்டும் குறைந்தது 2.2 வோல்ட் வேண்டும். ஆனால் தொட்டியில் ஆக்சிஜன் வெளியே வருவதில்லை, வந்த வேகத்தில் நேர்மின்வாய்க் கார்பனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகிறது. அதனால் தேவை 1.2 வோல்ட்டாகக் குறைகிறது. அதாவது அலுமினிய ஆலையிலும் கார்பன் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அந்த இழுப்பு 1 வோல்ட் அளவுக்கு உதவுகிறது, போதாத மிச்சத்தை மின்சாரம் கொடுக்கிறது. இதற்காக ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் கார்பன் கரைகிறது, கட்டிகளைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். 1.2-க்கு மேலே போகும் 3 வோல்ட்டில் பெரும்பகுதி சூடாகிறது. தொட்டியை 960 டிகிரியில் வைத்திருப்பதே அதுதான், தனியாக அடுப்பு கிடையாது. மின்சாரம் சில மணி நேரம் நின்றுபோனால் குளியல் உறைந்துவிடும், மறுபடி ஓடவைப்பது பெரும்பாடு.

ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் முக்கியக் கோளாறு அலுமினா தீர்ந்துபோவது. கரைந்திருக்கும் அளவு 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கிரையோலைட்டின் ஃப்ளூரின் நேர்மின்வாயில் வினைபுரிய ஆரம்பிக்கும். கட்டிக்கு அடியில் வாயுப்படலம் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை மறிக்கும், 4 வோல்ட்டில் நின்ற மானி திடீரென்று 30-க்குத் தாவும். அப்போது வெளியேறும், கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த CF4 வளிமண்டலத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்திருக்கும் பசுமைக்குடில் வாயு. அதனால் இப்போதைய ஆலைகளில் குளியலின் மேல் உறைந்து நிற்கும் மேலோட்டை உடைத்து அடிக்கடி ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று அலுமினாவைத் தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மின்தடை மெல்ல ஏறுகிறதா என்று பார்த்தே அடுத்த அளவு எப்போது என்பது முடிவாகிறது.