காலி மனையில் கம்பி வேலி: ஸ்டேஷனா, கோர்ட்டா?

அப்பா கிரயம் வாங்கிய மனை. அவர் இறந்துவிட்டார், மூன்று பிள்ளைகளும் வெளியூரில். திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவர்கள் பார்த்தால், யாரோ கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போட்டு, உள்ளே ஒரு தகரக் கொட்டகையும் இறக்கியிருக்கிறார்கள்.

முதலில் ஸ்டேஷனுக்குத்தான் போனார்கள். புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். விசாரணைக்கு வந்த எதிராளி ஒரு வீட்டு வரி ரசீதை நீட்டினார். "இது சிவில் மேட்டர், கோர்ட்ல பாத்துக்குங்க" என்று அனுப்பிவிட்டார்கள். விடாமல் எஸ்.பி. அலுவலகம், முதலமைச்சர் தனிப்பிரிவு என்று மனுவாகப் போட்டுவிட்டு வக்கீலான என்னிடம் வந்தபோது ஏழு மாதம் ஓடிவிட்டது.

அந்த ஏழில்தான் சிக்கல். குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 1963-இன் 6-ஆம் பிரிவில் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அனுபவத்தில் இருந்த இடத்திலிருந்து சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டோம் என்று நிரூபித்தால் போதும், யார் உரிமையாளர் என்ற கேள்விக்கே கோர்ட் போகாது. தீர்ப்பின் மேல் அப்பீலும் கிடையாது. ஆனால் வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருப்பதால் அந்தக் கெடு நின்றுவிடாது.

அப்படியானால் புகாரே வேண்டாமா? அதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்பா பெயரில் ஆள்மாறாட்டம் செய்து கிரயமோ பவரோ பதிவாகியிருந்தால் அது மோசடி. மாவட்டக் குற்றப்பிரிவில் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவுக்கே போகலாம். மிரட்டினாலும், இருந்த வேலியை உடைத்தாலும் புகார் அவசியம். இவர்கள் சான்றில் கடைசிப் பதிவு அப்பாவின் கிரயம்தான். போலிப் பத்திரம் எதுவும் இல்லை, ஆள் சும்மா உள்ளே புகுந்திருக்கிறார். இந்த மாதிரி விஷயத்தில் போலீஸ் வேலியைப் பிடுங்கி இடத்தை ஒப்படைக்கும் என்று காத்திருப்பது வீண்.

கெடு போனதால் உரிமை போய்விடவில்லை. உரிமையின் பேரில் சுவாதீனம் கேட்க 12 ஆண்டு அவகாசம் உண்டு. என்ன, வழக்கு நீளும். இங்கே பலர் வெறும் நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போட்டுவிடுகிறார்கள். எதிராளி உள்ளே உட்கார்ந்த பிறகு தடை மட்டும் வாங்கி என்ன செய்ய? நாங்கள் மனை இவர்களுடையது என்று கோர்ட் அறிவிக்கும் உரிமை விளம்புகை, சுவாதீன ஒப்படைப்பு, மேற்கொண்டு கட்டத் தடை மூன்றையும் சேர்த்துக் கேட்டோம். அண்ணன் கையெழுத்துக்கு வர மறுத்தார். பரவாயில்லை, அத்துமீறியவர் மேல் கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே வழக்குப் போடலாம். அண்ணனைப் பிரதிவாதியாகச் சேர்த்துக்கொண்டோம்.

கூடவே வழக்கறிஞர் ஆணையர் நியமிக்க மனு. அவர் சர்வேயருடன் வந்து புலப்படத்தை வைத்து அளந்து, கொட்டகையின் நீள அகலத்தையும் கல்லுக்காலடியில் இருந்த புதுச் சிமென்டையும் குறித்துக்கொண்டார். எதிராளியோ பதினைந்து வருஷமாக அங்கேயே இருப்பதாகப் பதிலுரை போட்டிருக்கிறார். புகுந்த சில நாளிலேயே கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு எதிராக இப்போது எங்கள் சான்றாவணம்.