பிரிண்டபிள்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

எட்ஸி மாதிரி இணையச் சந்தைகளில் 'பிரிண்டபிள்' என்ற பெயரில் விற்பது தாள் இல்லை, பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் கோப்பு. காசு கட்டியவர் அதை இறக்கிக்கொண்டு வீட்டிலோ ஜெராக்ஸ் கடையிலோ தானே அச்சடித்துக்கொள்வார். 'பிரிண்ட்' என்பதன் வேர், அழுத்துவதைக் குறிக்கும் பிரெமெரே என்ற லத்தீன் சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'பிரிண்டபிள்' என்றால் அச்சிடத்தக்க, அவ்வளவுதான். இந்த வியாபாரத்தில் அது பொருளின் பெயராகவே ஆகிவிட்டது.

தமிழில் சட்டென்று வாயில் வருவது அச்சுக்கோப்பு. ஆனால் ஈய எழுத்துகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்கும் அச்சகத் தொழிலுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது, குழப்பம் வரும். நான் அச்சிடுகோப்பு என்பேன். சுடுசோறு போல இது வினைத்தொகை. அச்சிட்ட, அச்சிடுகிற, அச்சிடும் என்று மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது, ஒரு தடவை செய்துவைத்ததை எத்தனை பேரும் எப்போதும் அச்சிடலாம் என்பதுதானே இந்தச் சரக்கின் குணம். டெம்ப்ளேட் வேறு. வாங்கியவரே திறந்து எழுத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு விக்கிப்பீடியாவில் புழங்கும் வார்ப்புரு என்ற நல்ல சொல் இருக்கிறது.

சரி, ஒன்றைச் செய்து பார்ப்போம். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து எழுதிப் பழகும் பயிற்சித்தாள், புள்ளிக்கோட்டின் மேல் பென்சில் ஓட்டுகிற வகை. நம் ஊரில் ஏ4-இல் வடிவமைப்போம், அமெரிக்காவிலும் கனடாவிலும் வீடுகளில் இருப்பது லெட்டர் தாள். அது ஏ4-ஐ விட 6 மி.மீ. அகலம், 18 மி.மீ. குட்டை. அப்படியே அச்சடித்தால் கடைசி வரி வெட்டுப்படும், தாளுக்குள் அடக்கினால் எழுத்து ஆறு சதவீதம் சிறுத்துவிடும். அதனால் இரண்டு அளவிலும் தனித்தனிக் கோப்பு வைக்க வேண்டும். 'கடைசி வரி வரவில்லை' என்று வாங்கியவர் எழுதினால் முதலில் இதைத்தான் பார்க்கணும்.

விலை 3 டாலர் என்று வையுங்கள். எட்ஸி 6.5 சதவீதம் எடுக்கும், அதாவது சுமார் 20 சென்ட். பட்டியலிட 20 சென்ட், அது நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ஒவ்வொரு விற்பனைக்குப் பிறகும் திரும்ப விழும். பணம் வாங்கித்தரும் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கடைக்காரர் என்றால் மூன்று சதவீதமும் 25 சென்ட்டும். எல்லாம் போக 2.26 டாலர் அளவில் கையில் நிற்கும், விளம்பரச் செலவு தனி. விலையை ஒரு டாலராக்கினால் பாதிக்கு மேல் கட்டணமே தின்றுவிடும், அதனால் பத்துப் பதினைந்து தாளை ஒரே தொகுப்பாகக் கட்டி விற்பதுதான் சரி.

ஒருமுறை உழைப்பு, தொடர்ந்து வரும்படி என்பது எல்லாக் கோப்புக்கும் பொருந்தாது. 'அ' எழுதும் தாள் பழசாகாது. தேதி போட்ட பிளானரோ ஜனவரி தாண்டினால் விலைபோவது கஷ்டம், அடுத்த வருஷத்துக்கு 365 நாளையும் கிழமை பார்த்து மறுபடி அடுக்கணும். தேதி இடத்தை வெறுமையாக விட்ட பிளானர் என்றால் வருஷம் மாறினாலும் அதே கோப்பை விற்கலாம்.