பயப்பட வேண்டிய பக்கம் அது இல்லை

"சார், ஒரு வருஷத்துக்குப் போட்டி கம்பெனியில சேரக் கூடாதுன்னு போட்டிருக்கு. கேஸ் போடுவாங்களா?" தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் என்னிடம் ஐ.டி. பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். போன வாரம் வந்த தம்பியும் இதையேதான் கேட்டார்.

மறுபடியும் சொல்கிறேன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27-இன்படி, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நான்-காம்பீட் நிபந்தனையை நம் நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆறு மாதம் என்று போட்டாலும், ஒரே ஊருக்குள் என்று போட்டாலும், நீங்களே கையெழுத்திட்டிருந்தாலும் அதே கதைதான். ஆனால் வேலையில் இருக்கும்வரை, நோட்டீஸ் காலம் உட்பட, அந்தத் தடை செல்லும். ரகசியக் காப்பும் பயிற்சி பாண்டும் வேறு சமாச்சாரம். குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற வங்கி ஊழியர் ஒருவரின் பாண்டை 2025-இல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது.

அந்தத் தம்பியின் ஆஃபர் லெட்டரை வாங்கிப் பார்த்தேன். பணம் போனது வேறு பக்கங்களில்.

ஏப்ரலில் சேர்ந்தவர். புரொபேஷன் ஆறு மாதம். அதுவரை நோட்டீஸ் 30 நாள், நிரந்தரமானதும் 90. அக்டோபரில் கன்ஃபர்மேஷன் மெயில் வந்ததும் வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போயிருக்கிறார், நோட்டீஸ் மும்மடங்கானது தெரியாமல். (மெயில் வராவிட்டால்? எழுத்தில் உறுதி செய்யும்வரை புரொபேஷன் தொடரும் என்றுதான் பல லெட்டர்களில் இருக்கும்.)

பிப்ரவரியில் ராஜினாமா. புதிய கம்பெனி 30 நாள்தான் காத்திருக்கும். மீதி 60 நாளுக்குப் பணம் கட்ட வேண்டும். பேசிக் 30,000 என்பதால் 60,000 ஆகும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தார். லெட்டரில் இருந்ததோ கிராஸ் சம்பளம், மாதம் 64,000. ஆக 1,28,000. பணம் வாங்கிக்கொண்டு முன்கூட்டி விடுவதும் 'கம்பெனியின் விருப்பம்' என்றிருந்தது.

12 மாதம் முடிவதற்குள் விலகுவதால் ஜாயினிங் போனஸ் 1 லட்சத்தையும் திருப்ப வேண்டும். வரி பிடித்தம் போகக் குறைவாகத்தான் கைக்கு வந்தது. திருப்பிக் கேட்பது முழுத்தொகை. ஏப்ரல் சம்பளத்தோடு வரவேண்டிய 90,000 செயல்திறன் போனஸும் போச்சு, 'வழங்கும் நாளில் வேலையில் இல்லாதவருக்கும் நோட்டீஸில் இருப்பவருக்கும் இல்லை' என்ற ஒரே வரியால். மொத்தம் 3,18,000 ரூபாய். இதைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை!

கையெழுத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் மெயிலில் கேளுங்கள்: நோட்டீஸ் தொகை பேசிக்கிலா கிராஸிலா? 12 மாதம் என்பது ராஜினாமா தேதி வரையா, கடைசி வேலைநாள் வரையா? போனஸ் எந்தத் தேதியில், யாருக்கு? போனில் சொன்ன பதில் எனக்கு உதவாது. ராஜினாமா அனுப்பிவிட்டு லெட்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், தயவுசெய்து. அனுப்புவதற்கு முந்தின நாள் வாருங்கள்.