சுடலை பேரைச் சொன்னா மைக் ஏன் கட் ஆகுது?

போன வாரம் ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தான். பணகுடிக்கும் ராதாபுரத்துக்கும் நடுவுல ஒரு பனங்காட்டுல வச்சு, எழுபது வயசு தாண்டின பனையேறித் தாத்தா ஒருத்தர பேட்டி எடுத்திருக்கானுவ. "அண்ணாச்சி, மைக் புதுசு, வீட்டுல டெஸ்ட் பண்ணும்போது கண்ணாடி மாதிரி இருந்துச்சு, காட்டுக்குப் போனா ஒரே கொரகொரப்பு, அதுகூடப் பரவால்ல, தாத்தா சுடலைமாடன் பேரைச் சொல்லுதப்போலாம் டக்கு டக்குனு கட் ஆகுது, மூணு தடவை, கூட வந்த பையன் பயந்துட்டான், சாமிகிட்ட உத்தரவு வாங்காம எடுத்துட்டோம்ங்கான்" அப்படின்னு.

எங்க குலசாமியும் சுடலைதான், அதனால கிண்டல் பண்ணல. வீடியோவ அனுப்புலேன்னு சொல்லி வாங்கிப் பாத்தேன். விஷயம் முதல் நிமிஷத்துலயே தெரிஞ்சுபோச்சு. தாத்தா உக்காந்திருந்த இடத்துக்குப் பின்னாடிதான் சுடலை பீடம் இருக்கு. சாமி பேரைச் சொல்லும்போதெல்லாம் மனுஷன் அப்படியே திரும்பி அந்தப் பக்கம் கையெடுத்துக் கும்பிடுதாரு. ஒயர் இல்லாத மைக் இருக்கது நெஞ்சுல, அது அனுப்புததை வாங்குத ரிசீவர் இருக்கது இவனுவ போன்ல. அவரு திரும்புனா ரெண்டுக்கும் நடுவுல தாத்தாவோட மொத்த உடம்பும் வந்துருது.

இப்ப எல்லாரும் வாங்குத சின்ன ஒயர்லெஸ் காலர் மைக் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, வைஃபை ஓடுத அதே பட்டை. அந்த ரேடியோ அலையோட நீளம் சுமாரா 12.5 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் கூட. நம்ம உடம்புல பாதிக்கு மேல தண்ணி, தண்ணி இந்த அலைய நல்லா விழுங்கும், அதனால ஒரு ஆள் உடம்பு இந்த மைக்குக்குக் கிட்டத்தட்ட சுவரு மாதிரி. அப்ப வீட்டுல மட்டும் எப்படி வேலை செஞ்சுச்சுன்னு கேப்பீங்க. வீட்டுல சுவரு, தரை, மேல தளம்னு எல்லாத்துலயும் பட்டு அலை திரும்பி வரும், நேர் வழி அடைபட்டாலும் சுத்து வழியா ரிசீவருக்குப் போய்ச் சேந்துரும். வெட்டவெளியில திருப்பி அனுப்ப பெருசா ஒண்ணும் கிடையாது, நேர் வழி போச்சுன்னா எல்லாம் போச்சு. அதான் வீட்டுக்குள்ள நல்லா எடுக்கிற மைக், வெட்டவெளியில நடுவுல ஆள் உடம்பு வந்தா கிட்டத்துலயே திணறும். அட்டையில போட்டிருக்க தூரமெல்லாம் மைக்கும் ரிசீவரும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு இருக்கும்போது அளந்தது, திரும்பிக் கும்பிடுதவர வச்சு அளந்தது இல்ல.

வழி சின்னதுதான். தாத்தா பீடத்தைப் பாத்து உக்காரணும், கேமரா பீடத்து ஓரமா நிக்கணும். அப்ப அவரு கும்பிட்டா நம்ம பக்கம்தான் கும்பிடுவாரு.

சரி, இனி காத்துக்கு வாரேன், இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா தென்மேற்குக் காத்து வந்து விழுத இடம் அது, சும்மாவா அத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்கான். ஆனி மாசத்துல அங்க போய் புசுபுசு கவர் போடாத மைக்க வச்சுப் பேட்டி எடுத்தா கொரகொரன்னுதான் கேக்கும். ஆனா அந்தக் கொரகொரப்பு காத்தோட சத்தம் இல்ல, காத்து மைக்க அடிக்கிறதால மைக்குக்குள்ள பொறக்குத சத்தம். பக்கத்துல நிக்கிற உங்க காதுக்கு அது கேக்காது.

எப்படின்னா, பேச்சுங்கறது காத்து ஒரு இடத்துலேந்து இன்னொரு இடத்துக்குப் போறது இல்ல, இருந்த இடத்துலயே நடுங்குறது. தாத்தா சாதாரணமா பேசும்போது அவரு நெஞ்சுகிட்ட உண்டாகுத அழுத்த மாறுதல் சுமாரா 0.06 பாஸ்கல்தான். அப்ப காத்துத் துகள் ஆடுத வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்ல ஆறுல ஒரு பங்கு கூட வராது. நம்ம கேக்குத கதை, பாட்டு, வசவு எல்லாம் அந்த ஆட்டத்துக்குள்ளதான் இருக்கு. இப்ப காத்தைப் பாருங்க, நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர், அந்தப் பக்கத்துக்கு இதெல்லாம் ஒரு காத்தே இல்ல. அது மைக் முகத்துல முட்டி நின்னா 15 பாஸ்கல் அழுத்தம். பேச்சைவிட 250 மடங்கு. வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்காகும், 10 மீட்டர் காத்துல 60 பாஸ்கல்.

இதுல ஒரு நல்ல காலம், காத்து ஒரே சீரா அடிச்சா மைக் கண்டுக்காது, உள்ள ஒரு சின்ன மூச்சு ஓட்டை இருக்கு, மெதுவா மாறுத அழுத்தத்தை அது சமன் பண்ணிக்கும். ஆனா காத்து எங்க சீரா அடிக்கு? சட்டைப் பட்டன்ல, மைக்கோட விளிம்புல எல்லாம் மோதி சுழி சுழியா உருளும், ஆத்துல பாலத்துத் தூணுக்குப் பின்னாடி தண்ணி சுழிக்கும்லா, அதே மாதிரி. அந்த 15 பாஸ்கல்ல பத்துல ஒரு பங்கு ஏறி இறங்குனாலே பேச்சைவிட 25 மடங்கு அழுத்தம். இது பெரும்பாலும் அடித்தொண்டை சத்தம் மாதிரி கீழ் ஸ்தாயியில இருக்கும், அதனால கீழ் சத்தத்தை வெட்டுத லோ கட் ஃபில்டர் போட்டா குறையும்னு சொல்லுவாங்க, குறையும்தான். ஆனா காத்து மைக்கோட தாங்கும் அளவையே தாண்டிப்போச்சுன்னா அலையோட உச்சியெல்லாம் வெட்டுப்பட்டுரும், அதுக்கப்புறம் எந்த ஃபில்டரும் ஒண்ணும் பண்ண முடியாது, ஏன்னா வெட்டுப்பட்ட இடத்துல பேச்சே இல்ல. எடிட்டிங்ல பாத்துக்கலாம்னு நினைக்கிறவங்க இந்த ஒரு இடத்துலதான் ஏமாறுறாங்க.

அப்ப அந்தப் புசுபுசு மயிர்க் கவர், டெட் கேட்னு கூப்பிடுதாங்களே, செத்த பூனைன்னு அர்த்தம், அது என்னதான் பண்ணுது? நிறைய பேர் அது காத்தைத் தடுக்குதுன்னு நினைக்காங்க. அப்படித் தடுக்கணும்னா ஒரு டப்பாவால மூடலாமே, பேச்சும் சேந்து போயிரும். மயிர்க் கவர் பண்ணுதது வேற வேலை. வயக்காட்டு ஓரத்துல கருங்கல் சுவருக்குப் பின்னாடி நின்னு பாருங்க, காத்து சுவரைத் தாண்டி வந்து சுழன்டு மூஞ்சியில மண்ணடிக்கும். அதே இடத்துல உடைமர வேலிக்குப் பின்னாடி நின்னா காத்து சும்மா தூங்குன மாதிரி இருக்கும். வேலியில ஓட்டை இருக்கு, காத்து அந்தச் சின்னச் சின்ன ஓட்டை வழியா உரசி உரசி வலுவிழந்து வருது, திடீர்னு எங்கயும் முட்டல, அதனால பெரிய சுழி எழும்பல. மைக் மேல இருக்கது ஒரு குட்டி உடைமர வேலிதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கு அடுத்த வேலை. அந்தக் கவரைச் சுத்தி வெளிப்பக்கத்துல இன்னமும் சுழி உருளத்தான் செய்யுது. ஆனா சுழிங்க எல்லாம் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் அளவு, இடது பக்கம் ஒண்ணு அமுக்கும்போது வலது பக்கம் இன்னொண்ணு இழுக்கும், ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம. நடுவுல உக்காந்திருக்க மைக்குக்கு இதெல்லாம் கலந்துதான் வந்து சேருது, பாதிக்கு மேல தன்னால அடிச்சுக்கிட்டுக் கரைஞ்சுருது. பேச்சு அப்படி இல்ல. 300 ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஒரு மீட்டருக்கு மேல, மூணு சென்டிமீட்டர் மயிர் உருண்டையோட எல்லாப் பக்கத்தையும் அது ஒரே நேரத்துல ஒரே மாதிரி அமுக்குது. அதனால அது கரையாம முழுசா உள்ள போகுது. காத்துக்கும் பேச்சுக்கும் இருக்க வித்தியாசத்தை அந்த மயிர் உருண்டை கணக்குப் போட்டுப் பிரிச்சு எடுக்குது, ஒரு பேட்டரியும் இல்லாம! நாட்டுப்புறக் கதை சேகரிக்கன்னு ஒதுக்குத காசுல கேமராவுக்கும் ட்ரோனுக்கும் லட்சக்கணக்குல போகுது, இந்தச் சின்ன மயிர்க் கவருக்கு மட்டும் யாரும் கணக்கு எழுத மாட்டேங்கறாங்கங்கறது என் வயித்தெரிச்சல்.

ரெண்டு எல்லை இருக்கு. வெறும் ஸ்பாஞ்ச் மூச்சுக்காத்துக்குத்தான், வீசுத காத்துக்குப் போதாது. மயிர்க் கவரும் பனை ஓலை சலசலப்பைத் தடுக்காது, ஏன்னா அது நிஜமான சத்தம், பேச்சு போற வழியிலேயே அதுவும் போகும். அதுக்கு மரத்தைவிட்டுத் தள்ளித்தான் உக்காரணும். காத்து தாத்தா முதுகுல அடிக்குத மாதிரி உக்கார வச்சா அவரு உடம்பே பாதித் தடுப்பு.

உரசல் சத்தம் தனிக் கதை. பேட்டின்னதும் பையனுவ தாத்தாவுக்குக் கஞ்சி போட்டு மொறமொறன்னு ஒரு வெள்ளைச் சட்டை மாட்டி விட்டிருக்கானுவ, மைக்க அதுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கானுவ. அவரு கை ஆட்டும்போதெல்லாம் சட்டை மைக் மேல வழுக்கி, பிடிச்சு, மறுபடி வழுக்கி சரக் சரக்குங்குது, துணி நேரா மைக் உடம்பைத் தொடுறதால காத்து வழியா வர்ற பேச்சைவிட அது பலமா ஏறும். துணி ஆடக்கூடாதுன்னு இல்ல, துணியும் மைக்கும் சேந்து ஆடணும். ஒளிச்சு வைக்கணும்னா மருந்துக்கடை டேப்பை ஒட்டுற பக்கம் வெளிய இருக்க மாதிரி முக்கோணமா மடிச்சு, ஒண்ணை மைக்குக்கும் பனியனுக்கும் நடுவுல, இன்னொண்ணை மைக்குக்கும் சட்டைக்கும் நடுவுல ஒட்டணும், மைக் வாயை மட்டும் மூடக்கூடாது. இல்லன்னா பேசாம வெளிய மாட்டுங்க, மோவாய்க்கு ஒரு சாண் கீழ, சங்கிலி, துண்டு, உத்திராட்சம் எதுவும் வந்து தட்டாத இடமா. வயசானவங்கன்னா ஒண்ணு கேட்டுக்கணும், நெஞ்சுல பேஸ்மேக்கர் இருக்கான்னு. இந்தச் சின்ன மைக்குகள்ல நிறையது காந்தத்துல பிடிக்கும், பேஸ்மேக்கர் மேல காந்தம் வைக்கவே கூடாது, க்ளிப்தான் போடணும்.

தம்பி மறுபடி போனான். தாத்தா துவைச்சு நைஞ்ச அவரோட சொந்தச் சட்டையில, பீடத்தைப் பாத்து, முதுகுக்குக் காத்து. மைக்ல மயிர்க் கவரைப் பாத்துட்டு "இதென்னலே எலிக்குஞ்சக் கொண்டாந்து மாட்டுத" ன்னு கேட்டிருக்காரு, அதுவே தெளிவா பதிவாகியிருக்கு. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அவர கும்பிடச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, மரம் ஏறுத மாதிரி கையைத் தூக்கச் சொல்லி ஒரு நிமிஷம் கேட்டிருக்கான். சுடலை பேரு எட்டு தடவை வந்துச்சு, ஒரு கட் கூட இல்ல.

பன்னெண்டாவது நிமிஷத்துல மட்டும் ஒரு கட். என்னன்னு பாத்தா, தாத்தா பதனிய விக்குத விலையைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு, நம்மாளு ஸ்டாண்டுல இருந்த போனைக் கையில எடுத்திருக்கான், ரிசீவர் மேலயே விரலு!